சினமா, சோர்வா?
மருத்துவம் ஒரு நோயை அடையாளம் கண்ட வரலாறு

திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவு. மலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் பாதையில் மக்கள் வெள்ளம் நகர்ந்துகொண்டிருக்கிறது. பாதையோரத்தில் சூடம், தேங்காய், அகல்விளக்கு விற்கும் ஒரு கடை. கடைக்காரரின் மகனுக்கு வயது பதினாறு. பதினொன்றாம் வகுப்பு மாணவன். வாடிக்கையாளர் ஒருவர் சில்லறை கேட்கிறார். "ஒரு தடவை சொன்னா புரியாதா?" என்று பையன் சீறுகிறான். தந்தை எல்லார் முன்னிலையிலும் அவனை அதட்டுகிறார். அவன் கையிலிருந்த தட்டை வீசி எறிந்துவிட்டுக் கூட்டத்துக்குள் மறைந்துபோகிறான்.

"வயசுக் கோளாறு" என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். "திமிர்" என்கிறார் மாமா. "அடங்காதவன்" என்கிறார் வகுப்பாசிரியர். தாய் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிடாமல் கிடக்கும் சோற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இந்தப் பையன் உண்மையில் இருக்கும் ஒருவன் அல்லன். பல வீடுகளில் காணப்படுபவற்றைச் சேர்த்து, விளக்கத்திற்காக நாம் வரைந்துகொண்ட படம். ஆனால் இவனைப் போன்ற ஒருவனை நீங்கள் அறிந்திருக்கக்கூடும். உங்கள் தம்பியாக, வகுப்புத் தோழனாக, மாணவியாக இருக்கலாம். ஏன், நீங்களாகவே கூட இருக்கலாம்.

மனச்சோர்வு என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது எது? மூலையில் குந்தி, கன்னத்தில் கைவைத்து, கண்ணீர் வடிக்கும் உருவம். சத்தம் போடுகிறவன், கதவை அறைந்து சாத்துகிறவன், எதிர்த்துப் பேசுகிறவன் அந்தப் படத்தில் இல்லை. சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதியில் மருத்துவ உலகத்தின் படத்திலும் அவன் இல்லை. அவன் அதில் இடம்பெற்ற கதை விந்தையானது. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் இன்று அவனை எப்படி அடையாளம் காண்பது என்பதும் தெளிவாகும். ஆகவே நம் கடைக்காரரின் மகனை வெவ்வேறு காலத்து மருத்துவர்களிடம் அழைத்துச் சென்று பார்ப்போம், வாருங்கள்.

முதல் மருத்துவர்: "இது புயற்பருவம்"

1904ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலறிஞர் ஸ்டான்லி ஹால் குமரப் பருவத்தைப் பற்றி இரண்டு பெருந்தொகுதிகள் கொண்ட நூலை வெளியிட்டார். அந்தப் பருவத்தைப் புயலும் கொந்தளிப்பும் நிறைந்த காலமாக அவர் வருணித்தார். பெற்றோருடன் மோதல், நிலையற்ற மனம், அடங்காத நடத்தை ஆகியவை வளர்ச்சியின் இயல்பான பகுதிகள் என்ற எண்ணம் அங்கிருந்து வேரூன்றியது. 1958இல் உளப்பகுப்பாய்வாளர் அன்னா பிராய்டு இன்னும் ஒரு படி மேலே சென்றார். குமரப் பருவத்தில் கொந்தளிப்பே இயல்பு, கொந்தளிப்பே இல்லாத அமைதியைத்தான் ஐயத்துடன் பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து.

இதனுடன் இன்னொரு கொள்கையும் சேர்ந்துகொண்டது. சிக்மண்ட் பிராய்டு 1917இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றின்படி, பிறர்மீது செல்ல வேண்டிய சினம் தன்மீதே திரும்புவதால் உண்டாவது கடும் மனச்சோர்வு. தன்னைத் தானே தண்டிப்பதற்கு முதிர்ந்த மனச்சான்று வேண்டும். சிறுவர்களுக்கு மனச்சான்று இன்னும் முழுமையாக உருவாகவில்லை. எனவே பெரியவர்களுக்கு வருவது போன்ற மனச்சோர்வு சிறுவர்களுக்கு வரவே முடியாது! இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உளப்பகுப்பாய்வாளர் பலர் இப்படித்தான் வாதிட்டனர். தாயைப் பிரிந்த கைக்குழந்தைகள் வாடி ஒடுங்குவதை ரெனே ஸ்பிட்ஸ் என்பவர் 1946இல் விவரித்திருந்தார். ஆனாலும் அதைத் தனி வகையாகக் கருதி ஒதுக்கிவைத்தவர்கள் உண்டு.

இந்தக் காலத்து மருத்துவரிடம் நம் பையன் சென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சினம் உள்நோக்கித் திரும்பினால்தானே சோர்வு? இவனுடைய சினமோ வெளியே பாய்கிறது. ஆகவே இது நோயன்று, வயதின் இயல்பு. "இரண்டு ஆண்டில் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பியிருப்பார். இன்றும் பக்கத்துக் கடைக்காரர் சொல்வது இதுதான்.

இந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்த்தவர் இங்கிலாந்தின் மைக்கேல் ரட்டர். வைட் தீவில் பத்து வயதில் ஆராயப்பட்ட பிள்ளைகளையே, அவர்கள் 14, 15 வயதை எட்டியபோது அவரும் உடனுழைப்பாளர்களும் மறுபடி ஆராய்ந்தனர். 1976இல் முடிவுகள் வெளிவந்தன. பெரும்பாலான குமரர்கள் பெற்றோருடன் ஓரளவு நல்லுறவோடுதான் இருந்தனர். கடும் மோதலும் விலகலும் மனநலக் குறைபாடு உடையவர்களிடமே மிகுதியாகக் காணப்பட்டன. புயல் எல்லாருக்கும் பொதுவான பருவநிலை அல்ல என்றாகிவிட்டது. மற்றொரு முடிவு இன்னும் கவனிக்கத்தக்கது. தனியே அமர்த்திக் கேட்டபோது, தாங்கள் மிகவும் துன்பமாக உணர்வதாகக் கூறிய பிள்ளைகள் கணிசமாக இருந்தார்கள். ஆனால் சுற்றியிருந்த பெரியவர்களின் கண்ணுக்கு அந்தத் துன்பம் பெரும்பாலும் தட்டுப்படவில்லை.

இரண்டாம் மருத்துவர்: "இது முகமூடி"

1960களில் காற்று திசை மாறியது. அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் டூலன் 1962இல் ஒரு கருத்தை முன்வைத்தார். சிறுவர்களுக்கும் குமரர்களுக்கும் மனச்சோர்வு வருவது உண்மை. ஆனால் அது துயரமாக வெளிப்படாமல் வேறு உருவங்களில் வெளிப்படுகிறது. கட்டுக்கடங்காத சினம், கீழ்ப்படியாமை, பள்ளிக்கு மட்டம் போடுதல், வீட்டைவிட்டு ஓடுதல் ஆகியவை சோர்வுக்கு ஈடான அறிகுறிகள் என்றார். 1967இல் கர்ட் கிளேசர் என்பவர் இதற்கு "முகமூடியிட்ட மனச்சோர்வு" என்ற பெயரைப் பயன்படுத்தி எழுதினார்.

இது பெரிய முன்னேற்றமே. முதன்முறையாக, கதவை அறைந்து சாத்தும் பையனுக்குள்ளும் சோர்வு இருக்கலாம் என்று மருத்துவம் ஏற்றுக்கொண்டது. ஆனால் இந்தக் கருத்தில் ஓட்டை ஒன்றும் இருந்தது. சினம் முகமூடியாகலாம், திருட்டு முகமூடியாகலாம், தலைவலியும் படுக்கையில் சிறுநீர் கழிப்பதும்கூட முகமூடியாகலாம் என்றால், எதுதான் முகமூடி இல்லை? முகமூடிக்குப் பின்னால் முகம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நம் பையனிடம் இந்த மருத்துவர், "உன் கோபம் உண்மையில் சோர்வுதான்" என்று சொல்லியிருப்பார். பக்கத்து வீட்டில் வெறும் செல்லத்தால் கெட்ட ஒரு பையன் இருந்தால் அவனிடமும் அதையே சொல்லியிருப்பார். எல்லாப் பூட்டையும் திறக்கும் சாவி எந்த வீடு நம்முடையது என்று காட்டாது அல்லவா?

மூன்றாம் மருத்துவர்: "கேட்டுப் பார்த்தீர்களா?"

இந்தச் சிக்கலைத் தீர்த்தது எளிய செயல் ஒன்று. பிள்ளையிடமே நேராக, முறையாகக் கேட்பது!

1973இல் வாரன் வைன்பர்க் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், படிப்பில் பின்தங்கியதற்காக அழைத்துவரப்பட்ட சிறுவர்களை ஆராய்ந்து, மனச்சோர்வைக் கண்டறியும் அளவுகோல் ஒன்றை வெளியிட்டனர். அதில் மனநிலை என்ற தலைப்பின் கீழ் துயரத்தோடு கூட, எளிதில் எரிச்சலடைதல், எதைச் செய்தாலும் திருப்தியடையாமை ஆகியவையும் இடம்பெற்றன.

1980இல் கேப்ரியல் கார்ல்சன், டென்னிஸ் கேன்ட்வெல் ஆகிய இருவரும் முகமூடியைக் கழற்றிப் பார்த்தே விட்டனர். நூறு பேர் அளவிலான சிறுவர்களிடமும் குமரர்களிடமும் ஒவ்வோர் அறிகுறியைப் பற்றியும் தனித்தனியே கேட்டார்கள். தூக்கம் எப்படி? பசி எப்படி? விளையாட்டில் விருப்பம் இருக்கிறதா? உன்னைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்? இப்படிக் கேட்டபோது உண்மை வெளிவந்தது. அடாவடி நடத்தைக்காக அழைத்துவரப்பட்ட பிள்ளைகளில் மனச்சோர்வு உடையவர்களிடம் அந்தச் சோர்வின் வழக்கமான அறிகுறிகள் மறைந்தே இருக்கவில்லை. யாரும் கேட்காததால் அவை வெளியே வரவில்லை, அவ்வளவுதான். முகமூடி மிக மெல்லியதாக இருந்தது. அதைப் பெரியவர்களே கண்ணில் மாட்டிக்கொண்டிருந்தார்கள் என்று நாம் சொல்லலாம்.

இந்த முடிவு நம் கையில் சோதனைக்கருவி ஒன்றைத் தருகிறது. சினத்தை மட்டும் வைத்து "சோர்வு" என்று முடிவுகட்ட முடியாது. சினத்தோடு சேர்ந்து வரும் மற்ற அறிகுறிகளைக் கேட்டறிய வேண்டும். அவை இருந்தால் சோர்வு. இல்லையென்றால் வேறு காரணம் தேட வேண்டும்.

ஒரு சொல் சேர்ந்தது

1987இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கம் தன் நோய் வகைப்பாட்டு நூலின் மூன்றாம் பதிப்பைத் திருத்தி வெளியிட்டது. மனச்சோர்வுக்குரிய முதல் அறிகுறி "துயரமான மனநிலை". அதனுடன் ஒரு சிறு குறிப்பு சேர்க்கப்பட்டது. சிறுவர்களிடமும் குமரர்களிடமும் இது எரிச்சல் மனநிலையாகவும் இருக்கலாம் என்பதே அந்தக் குறிப்பு. அடைப்புக்குறிக்குள் அடங்கும் அந்தச் சில சொற்களால், சீறும் பிள்ளைகளும் முதன்முதலாக முறைப்படி படத்திற்குள் வந்தார்கள். இப்போது நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் பதினொன்றாம் வகைப்பாடும் இதையே கூறுகிறது. ஒன்பது கேள்விகள் கொண்ட சோர்வு வினாத்தாள் ஒன்று பெரியவர்களுக்காக மருத்துவமனைகளில் பயன்படுகிறது. அதைக் குமரர்களுக்காகத் திருத்தியபோதும், மனநிலை பற்றிய கேள்வியில் "எரிச்சல்" என்ற சொல்லைச் சேர்த்தார்கள்.

இந்த விதி முழுமையாகச் சொல்வது இதுதான். ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து, ஏறக்குறைய நாள்தோறும், இரண்டு வாரமாவது இருக்க வேண்டும். துயரமோ எரிச்சலோ ஆன மனநிலை ஒன்று. முன்பு விரும்பியவற்றில் நாட்டமின்மை மற்றொன்று. இவ்விரண்டில் ஒன்றாவது கட்டாயம் இருக்க வேண்டும். மற்றவை பசியில் அல்லது எடையில் மாற்றம், தூக்கக் கோளாறு, உடல் மந்தம் அல்லது பதைபதைப்பு, களைப்பு, தான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணமும் குற்றவுணர்வும், கவனம் நிலைக்காமை, சாவைப் பற்றிய எண்ணம். இவை அனைத்தும் முன்பிருந்த நிலையிலிருந்து மாறியவையாக இருக்க வேண்டும். படிப்பையோ வீட்டு வாழ்வையோ நட்பையோ குலைப்பவையாகவும் இருக்க வேண்டும்.

நம் பையனிடம் திரும்புவோம்

கார்த்திகை தீபத்துக்காக ஊரிலிருந்து அத்தை வந்திருக்கிறார். பையன் மொட்டைமாடியில் தனியே உட்கார்ந்திருக்கிறான். அத்தை அவனைத் திட்டவுமில்லை, அறிவுரை கூறவுமில்லை. பக்கத்தில் அமர்ந்து, சற்று நேரம் கழித்துக் கேட்கிறார்.

"ராத்திரி தூக்கம் வருதாடா ராசா?"

"வருது. மூணு மணிக்கே முழிப்பு வந்துருது அத்தை. அப்புறம் வரவே மாட்டேங்குது."

"பௌர்ணமி அன்னிக்குக் கடையில முழிக்கிறதாலயா?"

"அது மாசத்துல ஒரு நாள்தானே. இது தினமும்."

"வாலிபால் ஆடப் போறதில்லையாமே?"

"பிடிக்கல. எதுவும் பிடிக்கல."

"யார் மேலடா கோவம் உனக்கு?"

பையன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொல்கிறான்: "எல்லார் மேலயும் எரிச்சலா வருது அத்தை. என்னைப் பார்த்தாத்தான் எனக்கு ரொம்ப எரிச்சலா இருக்கு."

இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். வெளியே பாய்ந்த சினத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று அது காட்டிவிட்டது. இப்போது கணக்குப் பார்ப்போம். எரிச்சல் மனநிலை ஒன்று. வாலிபாலில் நாட்டமின்மை இரண்டு. மூன்று மணிக்கே கலையும் தூக்கம் மூன்று. தாய் கவனித்த சாப்பாட்டுக் குறைவு நான்கு. தன்மீதே வெறுப்பு ஐந்து. மேற்கொண்டு கேட்டால், பாடம் மனத்தில் பதியவில்லை என்பதும் தெரியவரும். இவையெல்லாம் ஐப்பசியில் தொடங்கியவை. அதற்கு முன் அவன் சிரித்துப் பேசும் பையன். இத்தனையும் சேர்ந்த பிறகுதான் மருத்துவரிடம் காட்ட வேண்டிய நிலை இது என்று துணிந்து சொல்ல முடிகிறது.

அத்தை கேட்ட விதத்திலும் பாடம் இருக்கிறது. சண்டை நடக்கும் நேரத்தில் அவர் கேட்கவில்லை. பிறர் முன்னிலையில் கேட்கவில்லை. "சோகமா இருக்கியா?" என்றும் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றே பதில் வந்திருக்கும். தன் நிலைக்குச் சோகம் என்று பெயரிடத் தெரியாத பிள்ளைகளும், அப்படிச் சொல்லக் கூச்சப்படும் பிள்ளைகளும் பலர். "எரிச்சல்", "வெறுப்பு", "போர் அடிக்குது" என்பவையே அவர்களுடைய சொற்கள். தூக்கம், பசி, விளையாட்டு என்று தொட்டறியக்கூடியவற்றிலிருந்து தொடங்கினால் பதில் எளிதாக வருகிறது.

பௌர்ணமி பற்றிய கேள்வியும் வீணானதன்று. தூக்கம் கெட்டால் யாரும் சிடுசிடுப்பார்கள். கடை வேலையால் மாதம் ஓரிரவு கெடும் தூக்கம் இரண்டு மூன்று நாளில் ஈடாகிவிடும். நாள்தோறும் விடியற்காலம் கலையும் தூக்கம் வேறு வகை. இந்த வேறுபாட்டைக் கேட்டுத்தான் அறிய முடியும்.

எங்கே தவறு நேரும்?

சினங்கொண்ட பிள்ளைகள் எல்லாருக்கும் மனச்சோர்வு என்று எண்ணிவிடக் கூடாது. இங்கே ஒரு பிந்திய ஆய்வு நமக்குக் கடிவாளம் போடுகிறது. ஆர்கிரிஸ் ஸ்டிரிங்காரிஸ் என்பவரும் குழுவினரும் அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைப்பகுதியில் சேகரித்த தகவல்களை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். மனச்சோர்வு உடைய இளையோரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டவர்களிடம் துயரமும் எரிச்சலும் சேர்ந்தே இருந்தன. துயரமே இல்லாமல் எரிச்சல் மட்டும் இருந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர் அளவே! அதாவது, எரிச்சலுக்கு அடியில் பெரும்பாலும் துயரமும் இருக்கிறது. தோண்டிப் பார்த்தால் அகப்படும். கார்ல்சனும் கேன்ட்வெல்லும் 1980இல் கூறியதும் இதுதான்.

சிறு வயது முதலே, ஆண்டுக்கணக்கில், எப்போதும் சீறிக்கொண்டே இருக்கும் பிள்ளை வேறு வகை. அதற்கு 2013இல் வெளிவந்த அமெரிக்க வகைப்பாட்டின் ஐந்தாம் பதிப்பு தனிப் பெயரே கொடுத்திருக்கிறது. மாறாக, தூக்கமே தேவைப்படாமல் அளவுகடந்த ஊக்கத்தோடும் பெருமிதப் பேச்சோடும் வரும் எரிச்சல், மனவெழுச்சி நோயின் அறிகுறியாகலாம். இதை மருத்துவர் பிரித்தறிவது மிக முக்கியம், ஏனெனில் மருந்து முறை வேறாகும். தைராய்டுக் கோளாறு, இரத்தசோகை, மது, புகையிலைப் பொருட்கள் ஆகியவையும் சிடுசிடுப்பையும் களைப்பையும் உண்டாக்கும். பள்ளியில் யாரேனும் துன்புறுத்துகிறார்களா, எழுத்தைப் படிப்பதிலேயே இடர்ப்பாடு இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

வினாத்தாள்களை நம்பியும் முடிவுகட்டக் கூடாது. ஆரன் பெக் 1961இல் வெளியிட்ட புகழ்பெற்ற வினாத்தாளில் 21 தலைப்புகள் உள்ளன. அவற்றில் ஒன்று, முன்பைவிட எளிதில் எரிச்சல் வருகிறதா என்பது. இந்த வினாத்தாள் நம் நாட்டுக் குமரர்களுக்கு எப்படிப் பொருந்துகிறது என்று வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் ஆராய்ந்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். மதிப்பெண் எல்லையைத் தாழ்வாக வைத்தால் சோர்வுடையவர் பெரும்பாலும் தப்பாமல் சிக்குகிறார்கள். ஆனால் நலமாக இருப்பவர்களும் கூடவே வந்து மாட்டுகிறார்கள். எல்லையை உயர்த்தினால் நலமானவர்கள் விலகுகிறார்கள், நோயுற்றவர்களில் பலரும் நழுவிவிடுகிறார்கள். வலையின் கண்ணைப் போலத்தான் இதுவும். வினாத்தாள் யாரிடம் மேற்கொண்டு பேச வேண்டும் என்று காட்டும். முடிவைச் சொல்ல மருத்துவரின் நேர்ப்பேச்சு வேண்டும்.

நம் வாசலருகே ஒரு செய்தி

இத்தனை நுணுக்கமாக ஏன் பார்க்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். விடை தொலைதூரத்தில் இல்லை. திருவண்ணாமலையிலிருந்து போளூர் வழியாக வேலூருக்குப் போகும் சாலையில், வேலூரை நெருங்கும்போது கணியம்பாடி வருகிறது. 1989இல் மாவட்டங்கள் பிரியும் வரை இரண்டு ஊர்களும் ஒரே வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தவை. கணியம்பாடி ஒன்றியத்தில் மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். அங்கே நிகழும் ஒவ்வோர் இறப்பையும் வேலூர் மருத்துவக் கல்லூரியின் சமுதாய மருத்துவத் துறை பதிவு செய்து, உறவினரிடம் விசாரித்துக் காரணத்தையும் எழுதிவைத்தது. 1992 முதல் 2001 வரையிலான பத்தாண்டுப் பதிவுகள் 2004இல் லான்செட் இதழில் வெளிவந்தன.

10 முதல் 19 வயது வரையிலான பெண்களில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு 148 பேர் தற்கொலையால் இறந்த விகிதம் கணக்கிடப்பட்டது. ஆண்களில் அது 58. அந்த வயதுப் பெண்களின் இறப்புகளில் பாதிக்கு மேல் தற்கொலையாக இருந்தது. அதுவரை வந்த அரசுக் கணக்குகளைவிட இவை பன்மடங்கு அதிகம். இந்த இறப்புகள் எல்லாவற்றுக்கும் மனச்சோர்வே காரணம் என்று சொல்ல முடியாது. குடும்பச் சண்டை, தேர்வு, காதல், வறுமை என்று பல இழைகள் பின்னிக்கிடக்கின்றன. ஆயினும், கண்டறிந்து தீர்க்கக்கூடிய முக்கியமான இழைகளுள் சோர்வு ஒன்று. அழுகிற பிள்ளையை நாம் அணைத்துக்கொள்கிறோம். சீறுகிற பிள்ளையை விலக்கி வைக்கிறோம், அடிக்கவும் செய்கிறோம். ஒரே நோய், ஆனால் சினமாக வெளிப்படும்போது அது உதவிக்குப் பதிலாகத் தண்டனையைப் பெறுகிறது. அந்தத் தண்டனை, "நான் எதற்கும் உதவாதவன்" என்ற எண்ணத்துக்கு மேலும் ஒரு சான்றாகச் சேர்ந்துவிடுகிறது.

ஆகவே அத்தை கேட்க வேண்டிய கேள்வி இன்னும் ஒன்று உண்டு. "வாழ்க்கையே வேண்டாம்னு தோணியிருக்காடா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படி வருவதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மாறாக, தனியே சுமந்த பாரத்தை இறக்கிவைக்க ஒரு வாய் திறக்கிறது. "ஆமாம்" என்று பதில் வந்தால் அவனைத் தனியே விடாமல், தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

இன்று மருத்துவர் என்ன செய்வார்?

நம் பையன் இப்போது மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வருகிறான். மருத்துவர் முதலில் பெற்றோரிடமும் பிறகு அவனிடம் தனியாகவும் பேசுகிறார். பெற்றோர் நடத்தையை நன்றாகச் சொல்வார்கள், ஆனால் தூக்கமற்ற இரவில் ஓடும் எண்ணங்களை அவன்தான் சொல்ல முடியும். இரத்தச் சோதனை செய்து உடற்காரணங்களை விலக்குகிறார். சோர்வு மிதமானதென்றால் பேச்சு மருத்துவத்தில் தொடங்குவார். தன்னைப் பற்றிய தவறான முடிவுகளை அவனே சோதித்துப் பார்க்கவும், விட்டுவிட்ட செயல்களைச் சிறிது சிறிதாக மறுபடி தொடங்கவும் அது பயிற்றுகிறது. நிலை கடுமையாக இருந்தால் புளூவாக்சிடின் போன்ற மருந்தும் சேரும். மருந்து பயன் காட்ட நான்கு முதல் ஆறு வாரம் வரை ஆகும். தொடக்க வாரங்களில் சிலருக்குப் பதைபதைப்போ சாவு எண்ணமோ கூடலாம் என்பதால், அக்காலத்தில் அவனை அடிக்கடி அழைத்துப் பார்க்க வேண்டும். மருந்தை வீட்டில் பெரியவர் பொறுப்பில் வைத்திருக்க வேண்டும்.

மருத்துவர் தந்தையிடமும் சில சொற்கள் சொல்வார். "பையன் கத்தும்போது நீங்களும் கத்தாதீங்க. அடங்கினதும் பேசுங்க. ஆள் முன்னாடி அதட்டாதீங்க. இரண்டு மாசத்துக்குப் பௌர்ணமிக் கடைக்கு வேற ஆளைப் போட்டுக்குங்க. தூங்கட்டும்." அதற்காக அவன் எது செய்தாலும் பொறுக்க வேண்டும் என்பதில்லை. தட்டை உடைத்தால் அது தவறுதான். தவறைக் கண்டிப்பதும் ஆளை இகழ்வதும் வேறு வேறு.

மருத்துவமனைக்குப் போகத் தயங்குகிறவர்கள் 14416 என்ற எண்ணில் பேசலாம். மைய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநலத் தொலைபேசிச் சேவை இது. எந்நேரமும், தமிழிலேயே பேசலாம்.

மருத்துவ உலகம் "வயதின் இயல்பு" என்ற இடத்திலிருந்து "கேட்டுப் பார்" என்ற இடத்துக்கு வந்துசேர ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் பிடித்தன. அந்தத் தொலைவை நம் பையனின் அத்தை ஒரு மாலைப்பொழுதில் கடந்துவிட்டார். மலையுச்சியில் தீபம் எரிந்துகொண்டிருக்க, கீழே மொட்டைமாடியில் அவர் கேட்டது தூக்கத்தைப் பற்றித்தான். உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ முன்பு சிரித்துக்கொண்டிருந்து, சில வாரங்களாகச் சீறிக்கொண்டிருக்கும் ஒருவர் இருந்தால், சண்டை ஓய்ந்த வேளையில் அந்தக் கேள்வியிலிருந்தே நீங்களும் தொடங்கலாம்.